பிராண்டை உரிமத்துக்குக் கொடுக்கும்போது: தரம், ராயல்டி, எல்லை, மிஞ்சிய சரக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஆண்கள் உள்ளாடைக்குப் பதிவு செய்த பிராண்ட் வைத்திருக்கிறோம். அதே பெயரில் சிறுவர் ஜட்டி, டிரங்க் மட்டும் தயாரித்துக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் விற்றுக்கொள்கிறோம் என்று இன்னொரு நிறுவனம் கேட்கிறது. தெரிந்தவர்கள்தான். வாய்ப்பேச்சில் விட்டுவிடலாமா?

கூடாது. ஜாப் ஒர்க் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது அதே மாதிரிதான் தோன்றும். ஆனால் ஜாப் ஒர்க்கில் துணியும் உங்களுடையது, தைத்த சரக்கும் உங்களுடையது, விற்பதும் நீங்கள்தான். இங்கே சரக்கு அவருடையது, வாடிக்கையாளர் அவருடையவர், பெயர் மட்டும் உங்களுடையது. அந்தப் பெயர் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் உள்ள ஒப்பந்தம்தான் ஆதாரம்.

1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம், பதிவு பெற்ற உரிமையாளரின் சம்மதத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின்படி இன்னொருவர் சின்னத்தைப் பயன்படுத்துவதை ‘அனுமதிக்கப்பட்ட பயன்பாடு’ என்று ஏற்கிறது. 48ஆம் பிரிவின்படி அந்தப் பயன்பாடு உரிமையாளரே பயன்படுத்தியதாகக் கணக்கில் வரும். சிறுவர் உடையை நீங்கள் ஒருநாளும் தயாரிக்காவிட்டாலும், அவர் விற்ற ஒவ்வொரு பீஸும் உங்கள் சின்னத்துக்கு வலுச்சேர்க்கிறது. வாய்ப்பேச்சு என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பத்து வருடம் கழித்து அவர் ‘சிறுவர் உடையில் இந்தப் பெயரை வளர்த்தது நான்தான்’ என்று வந்து நின்றால், அவர் உங்கள் அனுமதியோடுதான் விற்றார் என்பதை நீங்கள் சாட்சி தேடி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

டிரேட்மார்க் அலுவலகத்திலும் இதைப் பதிய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. குஜராத் பாட்டிலிங் – கோகோ கோலா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொதுமக்களுக்குக் குழப்பம் வராமலும், சரக்குக்கும் உரிமையாளருக்கும் உள்ள தொடர்பு அறாமலும் இருக்கும்வரை பதியாத உரிமமும் செல்லும்.

பதிவதில் ஒரு லாபம் உண்டு. ‘பதிவு பெற்ற பயன்பாட்டாளர்’ ஆனவர் போலிச் சரக்கு விற்பவர்மீது தானே வழக்குப் போட முடியும். பதியாதவருக்கு 53ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருவதில்லை. கொச்சியில் யாராவது போலி விற்றால் நீங்கள்தான் வழக்காட வேண்டும். பதிவதென்றால் ஒப்பந்தம் எழுதிய ஆறு மாதத்துக்குள் இருவரும் சேர்ந்து TM-U படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தரத்தின்மீது உங்களுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும்.

தரத்தைப் பற்றி என்ன எழுதுவது? ‘நல்ல தரத்தில் தயாரிக்க வேண்டும்’ என்று எங்கள் வரைவில் இருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதை வைத்து ஒரு பீஸைக்கூட நிராகரிக்க முடியாது. அளந்து பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். சிறுவர் ஜட்டிக்கு நான் கேட்பது ஐந்து விஷயங்கள்: துணியின் எடை, சுருக்கம், சாய உறுதி, எலாஸ்டிக், தையல்.

எடையை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் இணைப்பில் 140 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம், கூடக் குறைய 5 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வட்டக் கட்டரால் துணியில் ஒரு வில்லை வெட்டினால் அது 100 சதுர சென்டிமீட்டர் இருக்கும். தராசில் வைத்தால் 1.40 கிராம் காட்ட வேண்டும். 1.33க்குக் கீழே இறங்கினால் அந்த லாட் தேறாது. சண்டைக்கே இடமில்லை. நூல் விலை ஏறும்போது முதலில் மெலிவது துணிதான், அதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு வில்லை போதும்.

சுருக்கத்துக்கும் அப்படித்தான். துணியில் 50 சென்டிமீட்டர் குறித்து, துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். 5 சதவீதம்தான் எல்லை என்றால் 47.5க்குக் குறையக் கூடாது. ஓரத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வருகிறதா என்பதையும் அதே துவைப்பில் பார்த்துவிடலாம். குழந்தைகள் உடை என்பதால், தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் இல்லை என்று ஆய்வகச் சான்றும் ஒவ்வொரு நிறத்துக்கும் வாங்குங்கள். சாயப்பட்டறையை மாற்றினால் சான்றும் புதிதாக வர வேண்டும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் கோளாறு நுழைவது சாயப்பட்டறை மாறும்போதுதான்.

தையலுக்கு எண்ணிக்கை வைத்துச் சோதிப்பது ஏற்றுமதிக்காரர்கள் எல்லோருக்கும் பழகியது. 2,000 பீஸ் லாட்டில் 125 பீஸை உருவி எடுத்துப் பார்க்க வேண்டும். ஏக்யூஎல், அதாவது ஏற்கத்தக்க பழுதின் அளவு, 2.5 என்று எழுதியிருந்தால் ஏழு பழுதுவரை ஏற்கலாம், எட்டு என்றால் லாட்டே திரும்பும். உள்நாட்டுச் சரக்குக்கு இது அதிகப்படி என்று அவர் சொல்வார். உங்கள் பெயர் போகும் சரக்குக்கு அதிகப்படி இல்லை.

இத்தோடு இருவரும் கையெழுத்திட்டு மூடி முத்திரையிட்ட மாதிரி பீஸ் ஒன்று உங்களிடமும் ஒன்று அவரிடமும் இருக்க வேண்டும். முதல் உற்பத்திக்கு முன்பே உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை, அறிவித்தும் அறிவிக்காமலும் தொழிற்கூடத்துக்கு வந்து பார்ப்பீர்கள், அவர் வெளியே தைக்கக் கொடுக்கும் யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்ற மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

எழுதிவிட்டோம், ஆனால் போய்ப் பார்க்க நேரமில்லை. ராயல்டி ஒழுங்காக வருகிறது. இதில் என்ன ஆபத்து?

உரிமத்தின் உயிரே நீங்கள் போய்ப் பார்ப்பதில்தான் இருக்கிறது. தரத்தைக் கவனிக்காமல் பெயரை மட்டும் வாடகைக்கு விட்டால், சரக்குக்கும் உங்களுக்கும் தொடர்பு இல்லை என்று எதிராளி வாதிட வழி கிடைக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்ன நிபந்தனையே அந்தத் தொடர்பு அறக் கூடாது என்பதுதான். பதிவு பெற்ற பயன்பாட்டாளராக இருந்தால், தரம் பற்றிய ஷரத்து அமல்படுத்தப்படவில்லை என்ற காரணத்துக்காகவே பதிவை ரத்து செய்ய 50ஆம் பிரிவு இடம் தருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிறர் தயாரித்த பொருளில் தன் சின்னத்தைப் போடுபவரும் போடச் செய்பவரும் ‘பொருள் உற்பத்தியாளர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். குழந்தைக்குச் சாயத்தால் தோல் புண்ணானால், தைத்தது வேறு யாரோ என்று சொல்லித் தப்புவது கடினம். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, லாட் எண், எடை, கையெழுத்தோடு ஒரு தாள் வைத்திருங்கள். மூன்று வருடத்தில் சேரும் அந்தக் கோப்புதான் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும்.

ராயல்டி 5 சதவீதம் என்று பேசி முடித்துவிட்டோம். வேறென்ன இருக்கிறது?

எதன்மீது 5 சதவீதம் என்பதுதான் மீதி எல்லாம். எம்ஆர்பி மீதா, அவர் மொத்த வியாபாரிக்குப் போடும் பில் மீதா? வழக்கத்தில் நிகர விற்பனைதான் அடிப்படை. அதாவது பில் தொகையிலிருந்து ஜிஎஸ்டி, பில்லிலேயே காட்டிய தள்ளுபடி, உண்மையில் திரும்பி வந்த சரக்கு ஆகிய மூன்றை மட்டும் கழிக்கலாம். விளம்பரச் செலவு, லாரி வாடகை, வராக்கடன், ஏஜென்ட் கமிஷன் எதையும் கழிக்கக் கூடாது. திரும்பி வந்த சரக்குக்கும் உச்சவரம்பு வையுங்கள். அவர் தன் சொந்தக்காரர் நிறுவனத்துக்குக் குறைந்த விலையில் பில் போட்டு, அங்கிருந்து சந்தை விலைக்கு விற்றால், ராயல்டி அந்த இரண்டாவது விலையில் கணக்காக வேண்டும் என்ற வரி அவசியம்.

அடுத்தது குறைந்தபட்ச ராயல்டி. ஆண்டுக்கு 10 லட்சம் என்று வைத்தால், அதை எப்போது சரிக்கட்டுவது என்று எழுத மறந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிகர விற்பனை ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 36 லட்சம், தீபாவளிச் சரக்கு கிளம்பும் ஜூலை–செப்டம்பரில் 70 லட்சம், அடுத்த இரண்டில் 40, 44 லட்சம். மொத்தம் 190 லட்சம், ராயல்டி 9.5 லட்சம். வருட முடிவில் சரிக்கட்டினால் அவர் இன்னும் 50,000 ரூபாய் கட்டினால் போதும். காலாண்டுக்கு 2.5 லட்சம் குறைந்தபட்சம் என்று வைத்தாலோ, 1.8 லட்சம், 2 லட்சம், 2.2 லட்சம் வந்த மூன்று காலாண்டிலும் 2.5 லட்சம் கட்டி, தீபாவளிக் காலாண்டில் 3.5 லட்சமும் கட்ட வேண்டும். மொத்தம் 11 லட்சம். ஒரே விற்பனை, ஒரே சதவீதம், ஒரு லட்சம் வித்தியாசம். பின்னலாடை சீசன் வியாபாரம் என்பதால் வருடக் கணக்குதான் நியாயம் என்பது என் கருத்து. காலாண்டுக்கு முன்பணமாகக் கட்டி, மார்ச்சில் நேர் செய்துகொள்ளலாம்.

அந்த 3.5 லட்சத்துக்கு வரி எப்படி?

ராயல்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 63,000 ரூபாய். அவர் டிடிஎஸ் 10 சதவீதம், 35,000 பிடித்துக்கொள்வார். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் டிடிஎஸ் அடிப்படைத் தொகைமீது மட்டும்தான். உங்கள் கைக்கு வருவது 3,78,000. ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார். ‘5 சதவீதம், வரிகள் தனி’ என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த 63,000 யாருடையது என்பதே தகராறாகும்.

அவர் விற்பனையைக் குறைத்துக் காட்டினால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

பில்லை வைத்துப் பிடிப்பது கடினம், பில் இல்லாமல் போன சரக்குக்குப் பில்லே இருக்காதே. பிராண்ட் பெயர் நெய்த இடுப்பு எலாஸ்டிக்கை எண்ணுங்கள். எலாஸ்டிக்கும் லேபிளும் நீங்கள் சொல்லும் ஒரே ஆலையில்தான் வாங்க வேண்டும், அந்த ஆலை மாதாமாதம் எவ்வளவு கொடுத்தது என்று உங்களுக்கு நேரடியாக எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். ஒப்பந்தம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து இதுதான். ராயல்டி, எல்லை, கடைசி நாள் இருப்பு ஆகிய மூன்றுக்கும் இது ஒன்றே சாவி.

ஒரு காலாண்டைப் பாருங்கள். ஆலை கொடுத்தது 60,000 மீட்டர். அவர் கிடங்கில் மீதம் 4,000. பயன்பட்டது 56,000. வெட்டுச்சேதம் 3 சதவீதம், 1,680 மீட்டர் கழித்தால் 54,320. பீஸுக்குச் சராசரி அரை மீட்டர் என்றால் 1,08,640 பீஸ் தைத்திருக்க வேண்டும். முந்தைய இருப்பு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் காட்டிய விற்பனை 92,000, கிடங்கில் இருப்பது 6,000. ஆக 10,640 பீஸுக்குக் கணக்கில்லை. பீஸ் 40 ரூபாய் என்றால் 4,25,600 ரூபாய்ச் சரக்கு, உங்கள் ராயல்டி 21,280.

தொகை சின்னதுதான். ஆனால் அந்தச் சரக்கு எங்கே போனது என்பது பெரிய கேள்வி. பெரும்பாலும் அது எல்லைக்கு வெளியே போயிருக்கும், அல்லது சோதனையில் தேறாத லாட்டாக இருக்கும். தணிக்கை ஷரத்தில், வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவும் அவருடையது என்று எழுதுங்கள்.

கேரளத்துக்குக் கொடுத்த சரக்கு கோவைக் கடைகளில் தொங்குகிறது. டிரேட்மார்க் வழக்குப் போடலாமா?

கடைக்காரர்மீது போட்டால் நிற்காது. உங்கள் சம்மதத்தோடு ஒருமுறை சந்தைக்கு வந்த சரக்கை வாங்கியவர் மறுபடி விற்பது மீறல் ஆகாது என்கிறது 30(3)ஆம் பிரிவு. பாலக்காட்டு மொத்த வியாபாரி முறையாக வாங்கி, வாளையாறு தாண்டிக் கோவையில் விற்றால் அவரைச் சட்டம் தடுக்காது. சரக்கின் நிலை மாறியோ கெட்டோ போயிருந்தால் மட்டும் 30(4) உங்களுக்குக் கை கொடுக்கும்.

எல்லை கட்டுப்படுத்துவது உங்களோடு கையெழுத்துப் போட்டவரை மட்டும்தான். அதனால் அவருடைய கடமையை எழுத்தில் விரியுங்கள். எல்லைக்கு வெளியே கிளை வைக்கக் கூடாது, விற்பனைப் பிரதிநிதி அனுப்பக் கூடாது, வெளியே விற்கத்தான் வாங்குகிறார் என்று தெரிந்தவருக்குக் கொடுக்கக் கூடாது, நீங்கள் புகார் செய்த வியாபாரிக்கு அடுத்த லோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண் இருந்தால், கோவைக் கடையில் ஒரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, அது எந்த வியாபாரிக்குப் போன லாட் என்று அவரிடமே கேட்கலாம். ஒரே லாட் மூன்று முறை வெளியே வந்தால் அது தற்செயல் இல்லை.

அவர் நேரடியாகவே வெளியே விற்றிருந்தால் கதை வேறு. அந்த விற்பனைக்கு உங்கள் சம்மதமே இல்லை என்பதால் ஒப்பந்த மீறலோடு டிரேட்மார்க் மீறலும் சேரும். இதற்காகத்தான் ‘எல்லைக்கு வெளியே செய்யும் விற்பனை இந்த உரிமத்தின் கீழ் வராது’ என்று ஒரு வரி வேண்டும்.

இணையத்தில் விற்றால்? ஏற்றுமதி செய்தால்?

இணையதளம் இந்தியா முழுக்க அனுப்பும், அங்கே மாநில எல்லை இல்லை. அவருக்கு இணைய விற்பனை உண்டா இல்லையா என்று ஒரே வரியில் முடியுங்கள். ஏற்றுமதியும் அப்படித்தான். திருப்பூரில் சின்னம் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் அது இந்தியாவில் பயன்படுத்தியதாகவே 56ஆம் பிரிவு கொள்கிறது, ஆகவே நீங்கள் அதைத் தடுக்க முடியும். உங்கள் பதிவு இந்தியாவுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். துபாயில் பதியாத பெயரைத் துபாய்க்கு உரிமம் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை.

பெட்டியின் படமும் வடிவமைப்பும் எங்களுடையது. அதற்கும் தனியாக எழுத வேண்டுமா?

எழுதுங்கள். அது பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது, டிரேட்மார்க் ஒப்பந்தத்தில் தானாக அடங்காது. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று கொள்ளப்படும். 30A பிரிவு இதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. பிராண்டுக்கு மூன்று வருடம், இரண்டு மாநிலம் என்று கொடுத்துவிட்டு, பெட்டிப் படத்தை வெறுமனே மின்னஞ்சலில் அனுப்பி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்ச் 31இல் உரிமம் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. அவர் கிடங்கில் இருக்கும் சரக்கு என்ன ஆகும்?

ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாவிட்டால், ஏப்ரல் 1 முதல் அவர் உங்கள் பெயரில் ஒரு பீஸ்கூட விற்க முடியாத நிலை வரும். உரிமம் முடிந்தபின் தொடரும் பயன்பாட்டை நீதிமன்றங்கள் தடுத்திருக்கின்றன. பேக்கர் ஹியூஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும், வெல்க்ரோ வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளித்தன. சரக்கு உரிமக் காலத்தில்தானே தயாரானது என்று அவர் கேட்பார். ஆனால் 30(3) பாதுகாப்பது உரிமையாளரின் சம்மதத்தோடு சந்தைக்கு வந்த சரக்கை. கிடங்கில் கிடப்பது இன்னும் சந்தைக்கு வரவில்லை.

கேட்க உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, ஆனால் நடைமுறையில் இருவருக்குமே கெடுதல். முடியப் போகிறது என்று தெரிந்தவுடன் அவர் மார்ச் மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளுவார், உங்கள் பெயர் நடைபாதைக் கடைக்குப் போகும். அல்லது கடைசி வாரத்தில் மச்சான் பெயரிலுள்ள நிறுவனத்துக்கு மொத்தமாகப் பில் போட்டு, ‘சந்தைக்கு வந்துவிட்டது’ என்பார். ஆகவே விற்றுத் தீர்க்கும் காலம் ஒன்றை முதல் நாளே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். உள்ளாடைக்கு 90 நாள் போதும், மார்ச் 31இல் முடிந்தால் ஜூன் 29 வரை.

அந்த 90 நாளுக்கு நிபந்தனைகள் உண்டு. புதிதாகத் தைக்கக் கூடாது. வழக்கமான வியாபாரிகளுக்கு வழக்கமான விலையில்தான் விற்க வேண்டும், தள்ளுபடிக்கு ஒரு எல்லை. தரச் சோதனையும் பகுதி எல்லையும் அப்படியே தொடரும். ராயல்டியும் தொடரும், ஆனால் குறைந்தபட்ச ராயல்டி கேட்கக் கூடாது, அது நியாயமில்லை. உறவு நிறுவனங்களுக்கு விற்றது விற்பனையாகக் கணக்கில் வராது, இருப்பாகவே கருதப்படும். முக்கியமாக, கடைசி ஆறு மாதத்தில் மாத உற்பத்தி அதற்கு முந்தைய வருடச் சராசரியைத் தாண்டக் கூடாது. இந்த வரி இல்லையென்றால் கிடங்கை நிரப்பிவைத்துக்கொண்டு 90 நாளை ஒரு வருட வியாபாரமாக்கிவிடலாம்.

இருப்பை எண்ணும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

ஏப்ரல் முதல் வாரத்திலேயே இருவர் ஆட்களும் சேர்ந்து எண்ண வேண்டும். தள்ளிப்போட்டால் எண்ணிக்கை வளரும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்: பேக்கிங் முடிந்த சரக்கு, வெட்டியும் தைத்தும் எலாஸ்டிக் ஏறாத பாதிச் சரக்கு, பயன்படாத எலாஸ்டிக், லேபிள், பெட்டிகள். வெளி யூனிட்டில் தைத்துக்கொண்டிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. முடிந்த சரக்கு 42,000 பீஸ், எலாஸ்டிக் 9,000 மீட்டர். எலாஸ்டிக் ஏறாத பாதிச் சரக்கில் உங்கள் பெயர் இல்லை, அது அவருடையது, வேறு எலாஸ்டிக் வைத்து அவர் பெயரில் விற்கட்டும். 9,000 மீட்டர் எலாஸ்டிக்கை அன்றே எடைபோட்டு, வாங்கிய விலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது கண்முன் வெட்டிவிடுங்கள். அதை அவரிடமே விட்டுவந்தால் இன்னும் 18,000 பீஸுக்கான வாய்ப்பை விட்டுவந்ததாக அர்த்தம். 42,000 பீஸில் 90 நாளில் 33,500 விற்றார் என்றால், 40 ரூபாய் வீதம் 13.4 லட்சம், உங்கள் ராயல்டி 67,000. எண்ணிக்கைத் தாளும் விற்பனை பில்களும் இ-வே பில்களும் சேர்ந்து இந்த எண்ணைக் காட்ட வேண்டும். 42,000க்கு மேல் ஒரு பீஸ் விற்றிருந்தாலும் அது புதிதாகத் தைத்தது.

மீதி 8,500 பீஸ்? லேபிளை வெட்டிவிட்டு விற்கட்டுமே.

கழுத்து லேபிள் என்றால் வெட்டலாம். ஜட்டியில் பெயர் இடுப்பு எலாஸ்டிக்கிலேயே நெய்யப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்தால் ஜட்டியே இல்லை. உள்பக்கம் சூடு வைத்து ஒட்டிய பிரிண்ட் லேபிளும் துணியைக் கெடுக்காமல் வராது. ‘லேபிள் நீக்கி விற்கலாம்’ என்று வேறு துறையின் மாதிரி ஒப்பந்தத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தால் அது இங்கே வெறும் எழுத்து.

எனவே இரண்டே வழிகள். முதலில் வாங்கும் உரிமை உங்களுக்கு: தயாரிப்புச் செலவுக்கு, அதாவது 30 ரூபாய் என்று முன்பே ஒப்புக்கொண்ட சூத்திரப்படி, சோதனையில் தேறிய 6,000 பீஸை 1.8 லட்சத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதி 2,500ஐ வெட்டிக் கழிவுத் துணியாக விற்று, தேதியும் எண்ணும் போட்ட சான்று கொடுக்க வேண்டும். வெட்டும்போது உங்கள் ஆள் அங்கே நிற்க வேண்டும். முழு பீஸாகக் கழிவு வியாபாரிக்குப் போனது சந்தைக் கடையில் திரும்பி வரும்.

தரம் மோசம் என்பதால் நாங்களே இடையில் ரத்து செய்தால், அப்போதும் 90 நாள் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கக் கூடாது. மோசமான சரக்கை விற்கவிடாமல் தடுக்கத்தானே ரத்து செய்கிறீர்கள். தரக் குறைவு, கணக்கு மறைப்பு, ராயல்டி பாக்கி ஆகிய காரணங்களால் ரத்தானால் விற்றுத் தீர்க்கும் காலம் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். ஆனால் முதலில் 30 நாள் அவகாசம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் போக வேண்டும், சோதனைத் தாள்கள் இணைப்பாக இருக்க வேண்டும். தாள் இல்லாமல் ரத்து செய்தால், ரத்து செய்ததே தவறு என்று அவர் நடுவர் முன் நிற்பார்.

நாங்கள் உரிமம் வாங்கியவர்கள். மூன்று வருடம் உழைத்துக் கேரளச் சந்தையைப் பிடித்தோம். திடீரென்று நிறுத்திவிட்டால் எங்கள் கதி?

சந்தையில் சேரும் நற்பெயர் உரிமையாளருக்குத்தான் போகும். அதைச் சட்டம் உங்களுக்குத் தராது என்று தெரிந்தே கையெழுத்திடுங்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது அவகாசம். புதுப்பிக்கவில்லை என்பதை 180 நாளுக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். நூல் வாங்கியதிலிருந்து, பின்னி, சாயமேற்றி, தைத்து, கடைக்குப் போய்ப் பணம் திரும்ப அத்தனை மாதம் ஆகிவிடுகிறது. முடியும் தேதி ஆகஸ்ட், செப்டம்பரில் விழாமல் பாருங்கள், தீபாவளிச் சரக்கு அப்போதுதான் நிறைந்து கிடக்கும். உரிமையாளர் மறுப்புக் கடிதம் கொடுத்தபின் மீதிச் சரக்கை வாங்கிக்கொள்வது அவருடைய விருப்பமாக மட்டும் இல்லாமல், ஒரு பங்கையாவது வாங்கும் கடமையாக இருக்கட்டும்.

கடைகளில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை நாங்கள் திரும்பக் கேட்கலாமா?

முடியாது. அது கடைக்காரருடைய சொத்து. தீரும்வரை விற்பார். கடையில் உங்கள் கண்ணில் படும் பெட்டியின் தயாரிப்பு மாதம் மட்டும் பாருங்கள். உரிமம் முடிந்த தேதிக்குப் பிந்திய மாதம் இருந்தால் அந்தப் பெட்டியைப் பில்லோடு வாங்கி வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

முடிந்தபின் மூன்று வருடத்துக்கு அவர் சிறுவர் ஜட்டியே தயாரிக்கக் கூடாது என்று போடலாமா?

உரிமக் காலத்துக்குள் போட்டி பிராண்டைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை செல்லும். கோகோ கோலா வழக்கே அதைப் பற்றியதுதான். முடிந்தபின் தொழிலையே செய்யக் கூடாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. அவர் அடுத்த நாளே தன் சொந்தப் பெயரில் அதே ஜட்டியைத் தைத்து, அதே கேரள வியாபாரிக்கு விற்கலாம். உங்கள் பெட்டியின் நிறமும் எழுத்து அமைப்பும் படமும் சாயலில்கூட அதில் வரக் கூடாது, ‘முன்பு இன்ன பெயர்’ என்று போடக் கூடாது என்பதை எழுதிவையுங்கள். அதுவரைதான் உங்கள் கை நீளும்.